பிரிவு 9 (திருத்தியது): செயல்திறன் வங்கி உத்தரவாதமும் அதைப் பணமாக்கும் நிபந்தனைகளும்

குடிநீர் நீரேற்று நிலையம் கட்டி, ஆறு பம்புகளைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் பணிக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்பு இருந்த பிரிவு 9 நீக்கப்படுகிறது. அந்த இடத்தில் இது சேர்கிறது. ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிரிவைப் பற்றியவை. அதில் நியாயம் இருந்தது. "ஒப்பந்ததாரர் கடமை தவறினால் உத்தரவாதம் பணமாக்கப்படும்" என்று பழைய பிரிவு ஒரே வரியில் முடித்துக்கொண்டது. எது தவறு, எவ்வளவு எடுக்கலாம், எடுப்பதற்கு முன் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எதுவும் இல்லை. அதனால் விலை குறிப்பவர்கள் அந்த ஆபத்துக்கும் ஒரு தொகையைச் சேர்த்துத்தான் குறிப்பார்கள். அதைக் கொடுக்கப்போவது நாங்கள்தான்.

"விளக்கம்" என்று தொடங்கும் பத்திகளும் ஒப்பந்தத்தின் பகுதியே. விதிக்கும் விளக்கத்துக்கும் முரண் வந்தால் விதியே நிற்கும்.

9.1 தொகையும் காலமும்

பணி ஏற்புக் கடிதம் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள், ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதத்துக்கு, ஒப்பந்த நாணயத்திலேயே ஒப்பந்ததாரர் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். தந்த பிறகே முன்வைப்புத் தொகை திருப்பித் தரப்படும். 21 நாளில் தராவிட்டால் முன்வைப்புத் தொகை பறிமுதல் ஆகும். அடுத்த நிலையில் உள்ளவரை அழைக்க எங்களுக்கு உரிமை உண்டு.

நிலையத்தை ஒப்படைத்ததற்கான சான்று வழங்கியதும் உத்தரவாதத் தொகை பாதியாகக் குறையும். மீதிப் பாதி 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முழுவதும், அதன் பின் 60 நாளும் உயிரோடு இருக்க வேண்டும்.

விளக்கம்: ஒப்பந்த மதிப்பு 8 கோடி என்றால் முதலில் 40 இலட்சம், ஒப்படைத்த பிறகு 20 இலட்சம். நிலையம் 2027 மார்ச் 31 அன்று ஒப்படைக்கப்பட்டால் பொறுப்புக் காலம் 2028 மார்ச் 31 வரை, உத்தரவாதம் 2028 மே 30 வரை. கடைசி வாரத்தில் கண்ணில் படும் குறையை எழுதிக் கேட்கவும், பதிலுக்குக் காத்திருக்கவும்தான் அந்த 60 நாள். அதை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம்.

9.2 உத்தரவாதத்தின் தன்மை

உத்தரவாதம் நிபந்தனையற்றதாகவும், திரும்பப் பெற முடியாததாகவும், கேட்டவுடன் பணம் தரும் வகையிலும் இருக்க வேண்டும். சர்வதேச வர்த்தக சபையின் கேட்பு உத்தரவாதங்களுக்கான சீர்விதிகள், வெளியீட்டு எண் 758, இதற்குப் பொருந்தும். அதில் இந்த வாசகம் மாறாமல் இடம்பெற வேண்டும்:

"ஒப்பந்ததாரர் எந்த ஒப்பந்தக் கடமையில், எந்த வகையில் தவறினார் என்று பயனாளி கையொப்பமிட்டு எழுதித் தரும் கூற்றுடன் கோரிக்கை வந்தால், பயனாளி கேட்கும் தொகையை, இந்த உத்தரவாதத்தின் உச்ச வரம்புக்குள், ஒப்பந்ததாரரின் ஒப்புதலையோ வேறு எந்த ஆதாரத்தையோ கேட்காமல் நாங்கள் செலுத்துவோம். ஒப்பந்ததாரருக்கும் பயனாளிக்கும் இடையே வழக்கோ தகராறோ நிலுவையில் இருப்பது இந்தக் கடமையைப் பாதிக்காது."

விளக்கம்: "வங்கி ஒரு வார்த்தை கூட விசாரிக்காதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். விசாரிக்காது. தாளைத்தான் பார்க்கும், தளத்துக்கு வந்து பம்பைப் பார்க்காது. வந்த கோரிக்கை உத்தரவாத வாசகத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க மேற்படி விதிகளின்படி அதற்கு 5 வங்கி வேலை நாட்கள் உண்டு. பொருந்தவில்லை என்றால் அதே 5 நாளுக்குள் காரணம் சொல்லி மறுக்க வேண்டும்.

இது எவ்வளவு கூர்மையான கத்தி என்பதற்கு 1970-களில் இங்கிலாந்து நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. லிபியாவுக்குப் பசுங்குடில்கள் அமைத்துத் தர ஒப்புக்கொண்ட ஓர் ஆங்கிலேய நிறுவனம், வாங்குபவர் சொன்னபடி கடன் கடிதம் திறக்காததால் வேலையைத் தொடங்கவில்லை. அப்படியும் வாங்குபவர் உத்தரவாதத் தொகையைக் கேட்டார். வங்கிக்குத் தெளிவாகத் தெரிந்த மோசடி இருந்தாலொழிய பணம் தந்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறு யார் பக்கம் என்பதை வங்கி எடைபோடாது என்றால், அதை எடைபோடும் பொறுப்பு முழுவதும் கோரிக்கையில் கையொப்பமிடும் எங்கள் மேல் விழுகிறது. 9.3 முதல் 9.6 வரை உள்ள விதிகள் அந்தப் பொறுப்புக்கு நாங்களே போட்டுக்கொண்ட கடிவாளம். அவை எங்களையும் ஒப்பந்ததாரரையும் மட்டும் கட்டும். வங்கி அவற்றைச் சோதிக்கத் தேவையில்லை. உத்தரவாதத் தாளில் அவற்றை எழுதவும் கூடாது.

9.3 பணமாக்கும் சந்தர்ப்பங்கள்

கீழே சொன்ன ஐந்து நிலைகளில் ஒன்று நடந்திருந்தால் மட்டுமே கோரிக்கை அனுப்புவோம்.

(அ) தகுந்த காரணமின்றி 28 நாள் தொடர்ச்சியாகப் பணி நின்றிருந்து, எழுத்து மூலம் கேட்ட பிறகும் 14 நாளில் மீண்டும் தொடங்காதது.

(ஆ) ஒப்பந்ததாரரின் தவறால் பிரிவு 15-இன் கீழ் ஒப்பந்தம் ரத்தானது.

(இ) குறைபாட்டைக் குறிப்பிட்டு அறிவிப்பு கொடுத்த 42 நாளுக்குள் அதைச் சரி செய்யாதது.

(ஈ) ஒப்பந்ததாரர் தர வேண்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட, அல்லது பிரிவு 20-இன் கீழ் தீர்மானிக்கப்பட்ட தொகையை 42 நாளில் செலுத்தாதது.

(உ) பணி அல்லது பொறுப்புக் காலம் நீண்டும், உத்தரவாதம் முடிய 28 நாள் இருக்கும்போது அதை நீட்டித்துத் தராதது.

விளக்கம்: (உ) பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடைமுறையில் கோரிக்கை கிளம்புவது பெரும்பாலும் இதில்தான். முன்பு ஒரு பணியில் நீட்டிப்புக்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். "இதோ வருகிறது" என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. கடைசியில் எங்கள் கோரிக்கைக் கடிதம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது உத்தரவாதம் காலாவதியாகி மூன்று நாள் ஆகியிருந்தது. காலாவதியானால் கையில் வெறும் தாள்தான். அதனால் இந்தப் பணியில் 28-ஆம் நாள் வந்ததும் "நீட்டியுங்கள், இல்லையேல் பணம் தாருங்கள்" என்று வங்கிக்கே எழுதுவோம். அப்படி எழுதினால் வங்கி 30 நாட்காட்டி நாள் வரை பணம் தருவதை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் நீட்டிப்பு வந்துவிட்டால் கோரிக்கை தானாக அடங்கிப் போகும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீட்டிப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் குறையாது.

9.4 பணமாக்கக் கூடாத சந்தர்ப்பங்கள்

தாமத அபராதத்தை முதலில் பட்டியல் தொகையிலிருந்துதான் பிடிக்க வேண்டும். கையில் கொடுக்காத பட்டியல் இருக்கும்போது உத்தரவாதத்தைத் தொட மாட்டோம். வேறொரு பணியில் உள்ள பாக்கிக்காக இந்த உத்தரவாதம் பயன்படாது. இடம் ஒப்படைப்பதில், வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதில் எங்களால் ஏற்பட்ட தாமதத்தின் விளைவாக நின்ற பணி 9.3 (அ)-இல் அடங்காது. கூடுதல் பணிக்கான விலைத் தகராறில் ஒப்பந்ததாரரை வழிக்குக் கொண்டுவரவும் இதைப் பிடித்து ஆட்டக் கூடாது. கடைசியாகச் சொன்னதை எழுத வேண்டியிருப்பதே எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

9.5 முன்னறிவிப்பும் தொகையும்

கோரிக்கை அனுப்பும் முன் ஒப்பந்ததாரருக்கு 14 நாள் எழுத்து அறிவிப்பு தரப்படும். அதில் எந்தப் பிரிவு, என்ன தவறு, எவ்வளவு தொகை, அந்தத் தொகை எப்படி வந்தது ஆகியவை இருக்கும். ஒப்பந்ததாரரின் பதில் வந்தால் அதைப் படித்து, ஏற்காத காரணத்தைக் கோப்பில் எழுதிய பிறகே கோரிக்கை போகும். 9.3 (உ)-க்கும், உத்தரவாதம் முடிய 14 நாளுக்கும் குறைவாக இருக்கும் நிலைக்கும் மட்டும் இந்த அறிவிப்பு தேவையில்லை.

9.3 (அ), (இ), (ஈ) ஆகியவற்றில் உண்மையான இழப்புக்கு ஈடான தொகையை மட்டுமே கேட்போம். (ஆ), (உ) ஆகியவற்றில் முழுத் தொகையும் கேட்கலாம். பகுதியாகக் கேட்டால் மீதித் தொகைக்கு உத்தரவாதம் தொடரும்.

விளக்கம்: மூன்றாம் எண் பம்பின் தாங்கி சூடாகி அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 42 நாள் போயிற்று, யாரும் வரவில்லை. வேறொருவரை வைத்துத் தாங்கியை மாற்ற 3 இலட்சம் ஆகிறது என்றால் கேட்பது 3 இலட்சம். 20 இலட்சத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு "அப்புறம் கணக்குப் பார்க்கலாம்" என்பது இல்லை. வங்கிக்குப் போகும் கூற்றும் அப்படியே இருக்கும்: "ஒப்பந்ததாரர் பிரிவு 11.2-இன் கீழ், அறிவிப்பு கிடைத்த 42 நாளுக்குள் மூன்றாம் எண் பம்பின் தாங்கிக் குறைபாட்டைச் சரி செய்யத் தவறினார். இதற்காக 3 இலட்சம் கோருகிறோம்." வெறுமனே "ஒப்பந்தத்தை மீறினார்" என்று எழுதினால் எந்த வகையில் என்பது இல்லாததால் வங்கி திருப்பி அனுப்பிவிடும், அனுப்புவதும் சரி.

9.6 எடுத்த பணத்தின் கணக்கு

பணமாக்கிய 60 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்பந்ததாரருக்குத் தருவோம். 9.3 (உ)-இன் கீழ் எடுத்த பணம் தனிக் கணக்கில் இருக்கும். செல்லத்தக்க நீட்டிப்போ புதிய உத்தரவாதமோ வந்த 14 நாளில் அது திரும்பும். தேவைக்கு மேல் எடுத்தது தெரிந்தாலோ, பிரிவு 20-இன் கீழ் தீர்ப்பு அப்படி வந்தாலோ, மிகைத் தொகையை எடுத்த நாளிலிருந்து, தாமதப் பட்டியல்களுக்கு நாங்கள் தரும் அதே வட்டியோடு திருப்பித் தருவோம்.

9.7 சரிபார்ப்பு

உத்தரவாதத் தாள் வங்கியிலிருந்து நேராக எங்களுக்கு வர வேண்டும், அல்லது வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையில் எம்டி 760 செய்தியாக வர வேண்டும். ஒப்பந்ததாரர் கையில் கொண்டுவந்து தந்தால், வழங்கிய வங்கியிடம் நாங்களே தனியாக எழுதி உறுதி பெற்ற பிறகுதான் அது தரப்பட்டதாகக் கருதப்படும். தாளில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

9.8 விடுவிப்பு

பொறுப்புக் காலத்துக்குப் பிந்தைய 60 நாள் முடிந்து, நிலுவையில் அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் 14 நாளில் கையொப்பமிட்ட விடுவிப்புக் கடிதத்தோடு மூலத்தாளைத் திருப்புவோம். அறிவிப்பு நிலுவையில் இருந்தால் அந்தக் குறைபாட்டின் மதிப்புக்கு மட்டும் நீட்டிப்பு கேட்போம், முழுத் தொகைக்கு அல்ல. எங்கள் தாமதத்தால் விடுவிப்பு 14 நாளைத் தாண்டினால், தாண்டிய நாட்களுக்கு வங்கி பிடிக்கும் உத்தரவாதக் கமிஷனை, வங்கி ரசீதைக் காட்டியதும், நாங்கள் ஈடு செய்வோம்.