மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வீட்டு மின்சாதனங்கள் பழுதாவது: லைனைப் பரிசோதிக்கும்படி கோரல்

வைரவர் கோயில் ஒழுங்கை,
கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
21.07.2025

பிரதேச மின் பொறியியலாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஒழுங்கைக்கு வரும் மின்சாரம் சில மாதங்களாகச் சீராக இல்லை. சில நேரம் பல்ப் மங்கி மின்விசிறி நின்றுவிடும் அளவுக்கு இறங்குகிறது. சில நேரம் பல்ப் வெடித்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு ஏறுகிறது. இதனால் என் வீட்டில் மூன்று பெரிய சாதனங்கள் பழுதாகிவிட்டன. அயல் வீடுகளிலும் இதே கதைதான். லைனின் நியூட்ரல் இணைப்பில் கோளாறு இருப்பதாக நான் நம்புகிறேன். அதை மாலையிலோ இரவிலோ நேரில் வந்து பரிசோதிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. என் மின் கணக்கு இலக்கம் இத்துடன் இணைத்துள்ள மின்பட்டியல் பிரதியில் இருக்கிறது.

முதலில் சேதத்தைச் சொல்லிவிடுகிறேன். 11.05.2025 இரவு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. திருத்துபவர் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். பவர் போர்டில் இருந்த கப்பாசிட்டர் இரண்டின் தலையும் உப்பிப் பிளந்திருந்தது, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பசை வழிந்திருந்தது. கூடுதல் மின்னழுத்தம் வந்தால் இப்படி ஆகும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார். அந்தச் செலவு 24,500 ரூபா. ஜூன் மாதத் தொடக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிறசர் போனது. அது எதிர்ப்பக்கக் கோளாறு: அழுத்தம் குறைந்த நேரத்தில் மோட்டர் சுற்ற முடியாமல் முக்கிக்கொண்டே நின்றிருக்கிறது, அப்படி நிற்கும்போது கூடுதலான மின்னோட்டம் இழுத்துச் சுருள் எரிந்திருக்கிறது. அதற்கு 46,000 ரூபா. பிறகு 28.06.2025 அன்று கிணற்று மோட்டர். சுருள் மாற்ற 12,000 ரூபா ஆனது. கருகிய பல்புகளையும் போன் சார்ஜரையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டி பற்றி ஒரு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு வயது 81. அவருக்குப் போடும் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. பெட்டி பழுதாகிக் கிடந்த நாட்களில் மருந்தைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அவர்களுடைய பெட்டியும் இப்போது மக்கர் பண்ணுகிறது.

நான் பாடசாலையில் பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அதனால் சும்மா முறைப்பாடு எழுதாமல், மல்ட்டிமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கொப்பியில் அளவுகளைக் குறித்து வந்தேன். அதன் பிரதியும் இணைப்பில் உண்டு. நமது நாட்டில் வீடுகளுக்கு வழங்க வேண்டியது 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது ஏறத்தாழ 216க்கும் 244க்கும் இடையில் நிற்க வேண்டும். என் கொப்பியில் உள்ளதைப் பாருங்கள்: மாலை 7 மணிக்கு 184, சற்று நேரத்தில் 171, இரவு 9.40க்கு 252. காற்று பலமாக அடித்த 18.07.2025 இரவு 10.15க்கு 266. அடுத்த சில நிமிடங்களில் 190க்கு இறங்கி மறுபடி மேலே போனது. பகலில், குறிப்பாகக் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், அநேகமாக 228, 230 என்று நல்ல பிள்ளையாக நிற்கும்.

இந்தக் கடைசி வரிதான் எங்களுக்கு இவ்வளவு நாளும் வினையாகிவிட்டது. தொலைபேசியில் முறைப்பாடு கொடுத்த பிறகு ஊழியர்கள் வந்தார்கள், வராமல் இல்லை. ஆனால் வந்தது காலை 10 மணிக்கு. மீட்டரடியில் அளந்து பார்த்து “கறண்ட் சரியாத்தானே இருக்கு ஐயா, உங்கட வீட்டு வயரிங்கை ஒருக்காப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் வந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் சொன்னபடியே வீட்டு வயரிங்கையும் பார்த்தேன். அனுமதி பெற்ற எலக்றீசியன் ஒருவரை மாலை நேரத்தில் அழைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதற்கு வரும் பக்கத்தில் அளக்கச் சொன்னேன். அப்போது வீட்டுக்குள் ஒரு பொருளும் மின்சாரம் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் அளவு 180க்கும் 250க்கும் இடையில் ஆடியது. வீட்டு வயரிங்கில் பிழை இருந்தால் சுவிட்சை அணைத்ததும் ஆட்டம் நின்றிருக்க வேண்டும் அல்லவா? அவருடைய எழுத்துமூல அறிக்கையும் இணைப்பில் உள்ளது.

இனி நியூட்ரல் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். ஒழுங்கையில் போவது மூன்று பேஸ் லைன். என் வீடு ஒரு பேஸில், எதிர்வீடு இன்னொரு பேஸில் இருக்கிறது. எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டரைப் போட்டால் என் வீட்டு பல்ப் பிரகாசமாகிறது. லைன் நீளமாக இருப்பதாலோ பாவனை கூடியதாலோ வரும் அழுத்தக் குறைவு என்றால், பக்கத்தில் ஒருவர் மோட்டர் போடும்போது என் பல்ப் மங்க வேண்டுமே ஒழியப் பிரகாசிக்கக் கூடாது. சந்தேகத்தைத் தீர்க்க, எதிர்வீட்டுக்காரரும் நானும் போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் அளந்தோம். என்னிடம் 258, அவரிடம் 196. மோட்டரை நிறுத்தியதும் இருவருக்கும் 230க்குக் கிட்ட வந்தது. எல்லா வீடுகளுக்கும் பொதுவான நியூட்ரல் எங்கோ தளர்ந்திருந்தால் இப்படித்தான் நடக்கும்: பாரம் கூடிய பேஸ் கீழே போகும், குறைந்த பேஸ் மேலே ஏறும். என் வீட்டுக்கு வரும் சேர்விஸ் வயரின் நியூட்ரல் மட்டும் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறையலாம், 266க்கு ஏற வழியில்லை. எனவே கோளாறு கம்பத்திலோ அதற்கு அப்பாலோதான் இருக்க வேண்டும்.

காற்றுக் காலத்தில் இது மோசமாவதும் இதற்குப் பொருந்துகிறது. இப்போது சோளகம் பலமாக வீசுகிறது. சந்தியிலிருந்து நாலாவது கம்பத்தில், வேப்பமரக் கொப்பு வயரில் உரசும் இடத்துக்குச் சற்று மேலே, ஜம்பர் இணைப்பில் இருட்டிய பிறகு சின்ன நீலப் பொறி தெரிகிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. கிளிப் அரித்துப்போயிருக்கலாம் என்பது என் ஊகம். அதை ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் ஆட்கள்.

சிலர் டிரான்ஸ்போமரில் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இறங்கும் நேரம் கொஞ்சம் மேம்படலாம், ஆனால் ஏறும் நேரத்தில் 266 என்பது 280ஐத் தொடும், மிச்சமிருக்கும் சாதனங்களும் போய்விடும். ஸ்டெபிலைசர் வாங்கி வையுங்கள் என்ற ஆலோசனையும் கிடைத்தது. தோட்டம் செய்து சாப்பிடும் குடும்பங்கள் இந்த ஒழுங்கையில் இருக்கின்றன. மோட்டருக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று என்று அவர்களால் வாங்க முடியாது. வாங்கினாலும் லைனில் உள்ள பிழை அப்படியே இருக்கும்.

பணச் சேதத்தை விட எனக்குப் பெரிய பயம் வேறு. அந்த நியூட்ரல் முழுதாக அறுந்தால் பாரம் குறைந்த பேஸில் உள்ள வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேலேயும் போகலாம், தீப்பிடிக்கவும் கூடும். அறுந்த துண்டு கீழே தொங்கினால், நியூட்ரல் வயர்தானே என்று நினைத்து யாரும் தொட்டுவிட முடியாது, வீடுகளின் பாரத்தினூடாக அதிலும் மின்சாரம் இருக்கும். அந்தக் கம்பத்தடியால்தான் காலையும் மாலையும் பிள்ளைகள் ரியூசனுக்குச் சைக்கிளில் போய் வருகிறார்கள்.

ஆகவே, டிரான்ஸ்போமரிலிருந்து ஒழுங்கை முடியும் வரை உள்ள நியூட்ரல் இணைப்புகளையும் ஜம்பர்களையும் பரிசோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலாவது கம்பத்தை முதலில் பார்த்தால் நல்லது. பொறி இருட்டில்தான் தெரியும் என்பதால் மாலை 6.30க்குப் பிறகு ஒரு தடவை வர வேண்டும். அத்துடன், அழுத்தத்தைத் தானாகவே பதிவு செய்யும் கருவி ஒன்றை என் வீட்டிலும் எதிர்வீட்டிலும் ஒரு வாரம் பொருத்தி வைத்தால், காலையில் சரி, மாலையில் பிழை என்ற வாதத்துக்கே இடமிருக்காது. இரண்டு வீட்டாரும் அதற்குச் சம்மதம். மூன்று பேஸ்களிலும் வீடுகள் சமமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வேப்பங்கொப்பு வளவுக்காரருடையது. வெட்ட அவர் சம்மதித்துவிட்டார், ஆனால் உயர் வயருக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஏறுவது ஆபத்து. லைனை நிறுத்தி வெட்ட ஒரு நாள் குறித்துத் தாருங்கள்.

பரிசோதனையில் என்ன கண்டீர்கள், என்ன திருத்தினீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தர வேண்டும். இழப்பீடு பற்றி இந்தக் கடிதத்தில் வாதாட விரும்பவில்லை. லைனின் கோளாறுதான் காரணம் என்று உங்கள் பரிசோதனையில் தெரிந்தால், பற்றுச்சீட்டுகளில் உள்ள 82,500 ரூபாவுக்கான கோரிக்கையைத் தனியாகச் சமர்ப்பிப்பேன். அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய கொம்பிறசரும் பவர் போர்டும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, உங்கள் அலுவலர்கள் வந்து பார்க்கலாம்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பரிசோதனைக்கான திகதியை அறிவிப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. நீலப் பொறி தெரியும் அந்த இணைப்பை மட்டும் 14 நாள் காத்திராமல் உடனே பார்த்துவிடுங்கள்.

மாலை நேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். வரும் ஊழியர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஏணி வைக்க வசதியாகப் படலையைத் திறந்து விடுகிறேன், எதிர்வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
க. சிவநேசன்
ஓய்வுபெற்ற ஆசிரியர்

இணைப்புகள்: மின்பட்டியல் பிரதி, மின்னழுத்த அளவுகள் குறித்த கொப்பியின் பிரதி, எலக்றீசியனின் அறிக்கை, பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகள் மூன்று, நாலாவது கம்பத்தின் படங்கள், ஒழுங்கையில் உள்ள குடும்பங்களின் கையொப்பங்கள்.