வயதும் முகப்பு விருப்பமும்: 2×2 அட்டவணையில் கை-வர்க்கச் சோதனை

செயலியின் புதிய முகப்பை எல்லோருக்கும் இயல்பாக வைப்பதா, வயதைப் பார்த்து வைப்பதா என்ற கேள்விக்காக எடுத்த கருத்துக்கணிப்பின் பகுப்பாய்வு இது. முடிவை மட்டும் எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயதுக்கும் விருப்பத்துக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அது வலுவானதல்ல. வயதை வைத்து முகப்பை மாற்றும் அளவுக்கு இந்தத் தரவு இடம் தரவில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

கடந்த மாதம் செயலியைத் திறந்தவர்களில் இருந்து குலுக்கல் முறையில் 320 பேருக்கு அழைப்பு அனுப்பினோம், 200 பேர் பதில் தந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு முகப்புகளையும் காட்டி, எது வேண்டும் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். எதை முதலில் காட்டுவது என்பதும் குலுக்கல்தான். ஒரு கணக்குக்கு ஒரு பதில் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. கிடைத்த எண்ணிக்கை இதோ:

| வயது | புதிய முகப்பு | பழைய முகப்பு | மொத்தம் |
|---|---|---|---|
| 35-க்குக் கீழ் | 66 | 44 | 110 |
| 35-உம் அதற்கு மேலும் | 39 | 51 | 90 |
| மொத்தம் | 105 | 95 | 200 |

இளையவர்களில் 60% புதியதைக் கேட்கிறார்கள், மூத்தவர்களில் 43.3%. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் 200 பேரை எடுத்தால், உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இரண்டு குழுக்களும் அச்சு அசலாக ஒரே சதவீதத்தில் வந்து நிற்காது, கொஞ்சம் மேலே கீழே போகத்தான் செய்யும். அந்தத் தற்செயல் ஊசலாட்டம் மட்டுமே இந்த 16.7 புள்ளி இடைவெளியைத் தந்திருக்க முடியுமா? கை-வர்க்கச் சோதனை கேட்பது இந்த ஒன்றைத்தான்.

இன்மைக் கருதுகோள்: வயதுப் பிரிவும் முகப்பு விருப்பமும் ஒன்றையொன்று சாராதவை. மாற்றுக் கருதுகோள்: சார்ந்தவை. மிகைகாண் நிலை 5%, அதாவது தொடர்பே இல்லாதபோது இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிட 5% வாய்ப்பை ஏற்கிறோம். இந்த நிலை, 35 என்ற வயது எல்லை இரண்டையும் கணிப்புக்கு முன்பே எழுதி வைத்துவிட்டோம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தரவு கையில் வந்த பிறகு 30, 35, 40 என்று எல்லையை நகர்த்திப் பார்த்து, எது நன்றாக வருகிறதோ அதை எடுத்துக்கொண்டால் 5% என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். ஏதாவது ஓர் எல்லையில் தற்செயலாகவே பெரிய எண் ஒன்று கிடைத்துவிடும்.

இப்போது எதிர்பார்த்த எண்ணிக்கைகள். மொத்தமாகப் பார்த்தால் 200 பேரில் 105 பேர், அதாவது 52.5%, புதிய முகப்பைக் கேட்டார்கள். வயதுக்குப் பங்கே இல்லை என்றால் இந்த 52.5% இரண்டு குழுக்களிலும் இருக்க வேண்டும். அப்படியானால் இளையவர் 110 பேரில் 57.75 பேர் புதியதைக் கேட்டிருக்க வேண்டும். பொதுவாகச் சொன்னால், வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி 200-ஆல் வகுக்க வேண்டும்.

| வயது | புதிய முகப்பு | பழைய முகப்பு |
|---|---|---|
| 35-க்குக் கீழ் | 57.75 | 52.25 |
| 35-உம் அதற்கு மேலும் | 47.25 | 42.75 |

57.75 என்று முக்கால் ஆள் வருவதைப் பார்த்து முழு எண்ணாக்கிவிடக் கூடாது. இது சராசரியாக எதிர்பார்க்கும் அளவு, தசமத்தோடே போகட்டும். நான்கு கட்டங்களிலும் 5-க்கு மேல் இருப்பதால் சோதனைக்குத் தேவையான நிபந்தனை நிறைவேறுகிறது. எங்காவது 5-க்குக் கீழே போயிருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போயிருப்போம்.

கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடு எல்லாக் கட்டத்திலும் 8.25-தான், இரண்டில் கூட்டலாக, இரண்டில் கழித்தலாக. வரிசை, நிரல் மொத்தங்கள் நிலையாக இருப்பதால் ஒரு கட்டத்தில் கூடியது பக்கத்துக் கட்டத்தில் குறைந்தே ஆக வேண்டும். வேறுபாடுகள் ஒத்துப்போகவில்லை என்றால் கூட்டலில் எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். 8.25-இன் வர்க்கம் 68.0625. அதை ஒவ்வோர் எதிர்பார்த்த எண்ணிக்கையாலும் வகுத்துக் கூட்டினால், χ² என்று எழுதும் கை-வர்க்க மதிப்பு கிடைக்கும்:

χ² = 68.0625/57.75 + 68.0625/52.25 + 68.0625/47.25 + 68.0625/42.75
= 1.179 + 1.303 + 1.440 + 1.592
= 5.514

சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 2×2 அட்டவணைக்கு மட்டும் இது செல்லும்:

χ² = 200 × (66×51 − 44×39)² / (110 × 90 × 105 × 95) = 5.514

கட்டின்மைக் கூறு (2−1)×(2−1) = 1. நான்கு கட்டம் இருந்தாலும் ஒன்றே ஒன்றுதான் சுதந்திரமாக நகர முடியும். மொத்தங்களைச் சொல்லிவிட்டு 66-ஐ மட்டும் சொன்னால் மீதி மூன்றும் தாமாகவே நிரம்பிவிடுகின்றன. இன்றைக்கு எளிதாகத் தெரியும் இந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் பெரிய கருத்து மோதல் நடந்தது. 1900-இல் சோதனையை முன்வைத்த கார்ல் பியர்சன் இப்படிப்பட்ட அட்டவணைக்கு 3 என்று எடுத்தார். 1922-இல் ரொனால்ட் ஃபிஷர் அதை 1 என்று திருத்தினார். பியர்சன் ஏற்கவில்லை, ஆனால் நிலைத்தது ஃபிஷரின் கணக்கு. இது வெறும் வரலாறு அல்ல. 3 என்று எடுத்தால் 5% நிலையில் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கத் தாண்ட வேண்டிய மாறுநிலை மதிப்பு 7.815, நம் 5.514 அதைத் தொடாது, தொடர்பு இல்லை என்று எழுதியிருப்போம். 1 என்று எடுத்தால் மாறுநிலை மதிப்பு 3.841, நம் எண் அதைத் தாண்டுகிறது. ஒரே தரவு, நேர் எதிரான முடிவு.

சரியான கணக்கில் பி-மதிப்பு 0.019. அதாவது வயதுக்கும் விருப்பத்துக்கும் தொடர்பே இல்லாத உலகத்தில், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு. 5% நிலையில் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். 1% நிலை வைத்திருந்தால் மாறுநிலை மதிப்பு 6.635, நிராகரித்திருக்க முடியாது. ஆதாரம் இருக்கிறது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

கணினியில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர் மொழியில் `chisq.test` 2×2 அட்டவணையைக் கண்டால், சொல்லாமலேயே 1934-இல் யேட்ஸ் தந்த திருத்தத்தைச் சேர்த்துவிடும். பைத்தானில் `chi2_contingency`-உம் அப்படித்தான். கையால் போட்ட கணக்கோடு பொருந்த வேண்டுமானால் திருத்தத்தை நிறுத்த வேண்டும்:

```r
m <- matrix(c(66, 44, 39, 51), nrow = 2, byrow = TRUE)
chisq.test(m, correct = FALSE)
```

திருத்தத்தோடு விட்டால் ஒவ்வொரு வேறுபாடும் 8.25-இலிருந்து 7.75-ஆகக் குறைந்து, χ² 4.866, பி-மதிப்பு 0.027 என்று வரும். இங்கே முடிவு மாறவில்லை, அது நல்லதுதான். மாறியிருந்தால் எந்த எண்ணை அறிக்கையில் போடுவது என்பதையே முதலில் பேசியிருக்க வேண்டும்.

அட்டவணையில் போட வேண்டியவை எண்ணிக்கைகள், சதவீதங்கள் அல்ல. இதே 60%-உம் 43.3%-உம் 1,000 பேரிடம் கிடைத்திருந்தால் χ² ஐந்து மடங்காகி 27.57 ஆகியிருக்கும். தொடர்பின் வலிமை கூடியதால் அல்ல, ஆட்கள் கூடியதால். அதனால்தான் χ²-ஐயோ பி-மதிப்பையோ பார்த்துத் தொடர்பு எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு அளவுகள் தேவை.

ஃபை கெழு √(5.514/200) = 0.17. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. நம்முடையது சிறியது. புதியதற்கும் பழையதற்கும் உள்ள விகிதம் மூத்தவர்களிடம் இருப்பதைப் போல இளையவர்களிடம் எத்தனை மடங்கு என்று சொல்லும் வாய்ப்பு விகிதம் (66×51)/(44×39) = 1.96. உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் 95% நம்பிக்கை இடைவெளி 1.11 முதல் 3.45 வரை. குழுவில் பேசுவதற்கு இவற்றைவிடச் சதவீத வேறுபாடே வசதி என்பது என் எண்ணம்: 16.7 புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி 2.9 முதல் 30.4 வரை. இந்த வீச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உண்மையான வேறுபாடு 3 புள்ளியாக இருந்தால் யாரும் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 30 புள்ளியாக இருந்தால் இரண்டு தனி முகப்புகளை வைத்துப் பராமரிப்பதே சரி. நம் தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இன்னொன்று, இதுதான் கூட்டத்தில் எளிதில் தவறிப்போகும். "மூத்தவர்களுக்குப் பழையதுதான் பிடிக்கிறது" என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. இரண்டு குழுக்களும் வேறுபடுகின்றன என்று மட்டும் சொல்கிறது. மூத்தவர்கள் 90 பேரில் 51 பேர், 56.7%, பழையதைக் கேட்டார்கள். அதன் நம்பிக்கை இடைவெளி 46.4% முதல் 66.9% வரை. பாதிக்குக் கீழேயும் போகிறது, மேலேயும் போகிறது. மூத்தவர்களில் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்றே நமக்கு இன்னும் தெரியாது. இளையவர்களிடம் புதிய முகப்புக்கு 50.8% முதல் 69.2% வரை, பாதியை மயிரிழையில் தாண்டுகிறது.

சோதனையால் சரிசெய்ய முடியாத குறைகளும் உண்டு. பதில் தராத 120 பேர் எந்த முகப்பை விரும்புவார்கள் என்று χ²-க்குத் தெரியாது. பழைய முகப்போடு நிம்மதியாக இருப்பவர்கள் கணிப்பைத் திறக்காமலே விட்டிருக்கலாம். வயதை இரண்டாக வெட்டியதில் 34 வயதுக்காரரும் 18 வயதுக்காரரும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வயதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. மூத்தவர்களில் பலர் செயலியை நீண்ட காலமாகப் பயன்படுத்துபவர்களாக இருந்தால், நாம் பார்ப்பது வயதின் விளைவாக இல்லாமல் பழக்கத்தின் விளைவாகவும் இருக்கலாம்.

அறிக்கையில் போக வேண்டிய வரி இது: "வயதுப் பிரிவுக்கும் முகப்பு விருப்பத்துக்கும் புள்ளியியல் அடிப்படையில் தொடர்பு உள்ளது, χ²(1, n = 200) = 5.51, பி = 0.019, ஃபை = 0.17. 35-க்குக் கீழ் உள்ளவர்களில் 60.0% பேரும், 35-உம் அதற்கு மேலும் உள்ளவர்களில் 43.3% பேரும் புதிய முகப்பைத் தேர்ந்தெடுத்தனர், வேறுபாடு 16.7 புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி 2.9 முதல் 30.4."

என் பரிந்துரை, இப்போதைக்கு வயதைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம். எந்த முகப்பை இயல்பாக வைத்தாலும், மாற்றிக்கொள்ளும் பொத்தானை எல்லோருக்கும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அப்புறம் அடுத்த கணிப்பில், எவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வியைச் சேர்த்து, வயதை எண்ணாகவே வாங்குவோம். நம்பிக்கை இடைவெளியின் அகலத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும், அதாவது 800 பதில்கள். இந்த முறை போலவே ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் பதில் வரும் என்று வைத்துக்கொண்டால், 1,280 பேருக்கு அழைப்பு அனுப்ப வேண்டியிருக்கும்.