மாதவரம் குடோன் மாற்றம்: யார் யாருக்கு, எதற்காக நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

பார்க் டவுன் குடோன் சாவியை நேற்று கட்டட உரிமையாளரிடம் ஒப்படைத்தாயிற்று. இனி நம் சரக்கு முழுவதும் மாதவரத்தில்தான். "அனைவரின் கடின உழைப்புக்கும் நன்றி" என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்திருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் நைனியப்ப நாயக்கன் தெருவில் நவம்பர் மழையில் நின்று பெட்டி ஏற்றியவர்களுக்கு அது போதாது. அதனால் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

இஸ்மாயில் பாய், உங்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். இன்சுலினையும் தடுப்பூசியையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சூடாகிவிடுமோ என்றுதான் மற்றவர்கள் பயந்தார்கள். உங்களுக்கு இருந்த பயம், உறைந்துவிடுமோ என்பது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைக்க நீங்கள் விடவில்லை. மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை மேஜையில் பரப்பி வைத்திருந்தீர்கள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பின்னாலிருந்து "போதும் பாய், ஏத்துங்க" என்று குரல் வருகிறது. நீங்கள் ஒவ்வொரு பேக்காகக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள். அன்றைக்கென்று வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி, வண்டி சுற்றிக்கொண்டு போனது. மாதவரத்தில் டேட்டா லாகரைத் திறந்து பார்த்தால் கோடு 3க்குக் கீழேயும் போகவில்லை, 6க்கு மேலேயும் ஏறவில்லை. ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்வைக்குச் சரியாகவே தெரியலாம். ஆனால் அதை நம்பி ஊசி போட முடியாது. ஒரு பெட்டிகூட அப்படிக் கழிக்க வேண்டி வரவில்லை.

ரேவதி, இருமல் மருந்துக் கணக்கு. கம்ப்யூட்டரில் ஒரு பேட்ச், ரேக்கில் வேறு பேட்ச். மொத்த எண்ணிக்கை சரியாக இருந்ததால் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு என்ட்ரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீ பெட்டிகளைப் பிரித்து லேபிளைப் படித்தாய். காலாவதிக்கு நெருங்கிய சரக்கு புதிய சரக்கின் பெயரில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அது கடைக்குப் போகுமுன் தனியாக எடுத்து வைத்தாயிற்று.

ஜெயந்தி மேடம், லைசென்ஸ் வேலை வெளியே தெரியாத வேலை. 20பி, 21பி இரண்டும் இடத்துக்குத் தருகிற உரிமம் என்பதால், புது முகவரிக்கு அது வராமல் மாதவரத்திலிருந்து ஒரு ஸ்ட்ரிப் மாத்திரைகூட விற்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கதவு எண், சொத்துவரி ரசீதில் வேறு எண். விண்ணப்பம் போடுமுன்பே நீங்கள் அதைப் பிடித்துத் திருத்தி வாங்கினீர்கள். பிறகு தெரிந்திருந்தால் சரக்கு ஓரிடம், உரிமம் ஓரிடம் என்று திரிசங்கு நிலையில் நின்றிருப்போம்.

மதி அண்ணனும் அவருடைய ஆட்களும்: பெட்டிக்கு மேலே எல்லோரும்தான் தார்ப்பாய் போடுவார்கள். நீங்கள் லாரித் தளத்திலும் ஒன்று விரித்து, அதன்மேல் பேலட் வைத்து அடுக்கினீர்கள். முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்றியதால், மாதவரத்தில் இறக்கிய வேகத்திலேயே ரேக்குக்கும் போனது. நனைந்து வீணானது இரண்டே அட்டைப்பெட்டி, அதுவும் பஞ்சுதான்.

திவ்யா, மருந்துக்கடைக்காரர்கள் கேட்டபோது "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்று நீ ஒருமுறையும் பொய் சொல்லவில்லை. "நாளை மதியத்துக்கு முன்னால் வராது, அவசரம்னா இன்னைக்கே வேற இடத்துல வாங்கிக்கோங்க" என்றாய். விற்பனை கொஞ்சம் போயிருக்கும், போகட்டும். திட்டிய கடைக்காரர் ஒருவரே மறுநாள் பெரிய ஆர்டராகப் போட்டதும் உனக்குத் தெரியும்.

வாட்ச்மேன் கோவிந்தன் ஐயா ராத்திரி சம்ப் நிரம்பி வழிவதைப் பார்த்து மோட்டாரை நிறுத்தியதால்தான் கீழ்த்தட்டுச் சரக்கு தப்பியது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவர்களுக்கு மாற்று விடுமுறை உண்டு. பொங்கலோடு சேர்த்து எடுப்பதென்றால் ஜெயந்தி மேடத்திடம் இப்போதே சொல்லிவிடுங்கள். லோடுமேன்களின் ஓவர்டைம் வெள்ளிக்கிழமை கையில் கிடைக்கும், கான்ட்ராக்டர் வழியாக இல்லை, நேரடியாக. அவர்களுக்கு மெயில் போகாது என்பதால் இதைப் பிரிண்ட் எடுத்து மாதவரம் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். காலையில் வேலை தொடங்குமுன் யாராவது ஒருவர் சத்தமாகப் படித்துவிடுங்கள்.

சனிக்கிழமை மதியம் மாதவரத்திலேயே பிரியாணி. சைவம் வேண்டியவர்கள் திவ்யாவிடம் பெயர் கொடுக்கவும்.

அன்புடன்,
பிரபாகர்