கடல்பாசி வீடியோ: 21 நிமிடப் பேச்சிலிருந்து 90 நொடி ஸ்கிரிப்ட்

அத்தை, நீங்கள் பேசி அனுப்பிய 21 நிமிட ஆடியோவை நாலு தடவை கேட்டுவிட்டேன். உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் போனில் பார்க்கிறவர்கள் முதல் பத்து நொடியில் விஷயம் பிடிபடவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் பத்து நொடிக்கு ஒரு சேதி, மொத்தம் ஒன்பது. நான் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன், நீங்கள் சின்னப்பாலத்துப் பேச்சிலேயே சொல்லுங்கள்.

0–10
"பாசி எடுக்கிற பொம்பளைகள்தான் பவளப்பாறையை அழிக்கிறார்கள் என்று ஒருவர் மேடையில் பேசினார். நாற்பது வருடமாக அந்தப் பாறை மேல் முங்கி எழுகிறவள் நான். பதில் சொல்கிறேன்."

(அந்த ஆளைப் பற்றி மட்டும் ஆறு நிமிடம் பேசியிருந்தீர்கள். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவரைத் திட்டினால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும், உங்கள் கடலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.)

10–20
"மாதத்தில் 12 நாள்தான் இறங்குகிறோம். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மிச்ச நாளெல்லாம் பாசி வளர்கிற நாள்."

20–30
"இரும்புக் கரண்டி கிடையாது, கையால்தான் பறிக்கிறோம். பாறையோடு பெயர்த்து எடுத்தால் அடுத்த தடவை அந்த இடத்தில் எங்களுக்கே ஒன்றும் இருக்காது."

30–40
இங்கே பேச வேண்டாம். ஆடியோவில் ஒன்பதாவது நிமிடத்தில் திடீரென்று நிறுத்தி, "இந்தா பாரு என் விரலை" என்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? 21 நிமிடத்தில் எனக்குத் தொண்டையை அடைத்த இடம் அதுதான். விரலில் சுற்றிய துணியைக் கேமரா முன்னால் மெதுவாக அவிழுங்கள், பாறை கிழித்த தழும்பு, உப்பில் வெளுத்த நுனி, எல்லாம் தெரியட்டும். பத்து நொடி முழுக்கக் கைதான். பின்னால் அலைச் சத்தம் மட்டும்.

40–50
"ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த நேரத்தில் நாங்களும் பாசிக்கு இறங்குவதில்லை. யாரும் சொல்லி இல்லை, எங்களுக்குள் நாங்களே போட்ட கட்டுப்பாடு."

50–60
"மன்னார் வளைகுடாவின் 21 தீவையும் 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கினார்கள். காப்பாற்றட்டும், நல்லதுதான். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் எங்கள் பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்தோம்."

(இந்த இடத்தில் குரல் ஏற வேண்டாம், அத்தை. பூங்காவை எதிர்க்கிறீர்கள் என்று வெட்டி ஒட்டிவிடுவார்கள். "நல்லதுதான்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.)

60–70
"எங்கள் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் சீக்காலஜி பரிசு கொடுத்தார்கள். தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பரிசு அது. வாங்கியது பாசி எடுக்கிற பெண்."

70–80
"மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட். இரண்டும் உணவைக் கெட்டியாக்குகிற பொருள், ஐஸ்கிரீம் வரைக்கும் போகிறது. விலை என்ன என்று எங்களை யாரும் கேட்பதில்லை, மணல் கழிவு என்று எடையிலும் கழிக்கிறார்கள்."

முன்பணம் வாங்கின கதை, மூத்த மகள் கல்யாணம், வியாபாரி வீட்டு வாசலில் மத்தியானம் வரை நின்றது, இதெல்லாம் இந்தப் பத்து நொடிக்குள் அடங்காது. அதைத் தனி வீடியோவாகவே எடுப்போம், அவ்வளவு கனமான கதை அது. இதில் நுழைத்தால் இரண்டுமே கெட்டுப் போகும்.

80–90
"பாசி எடுக்கிறவளும் மீனவர்தான். கடலைப் பற்றி அடுத்த கூட்டம் போடும்போது எங்களுக்கும் நாலு நாற்காலி போடுங்கள், மேடையில்."

"மேடையில்" என்பதற்கு முன் ஒரு மூச்சு விடுங்கள். சொன்ன பிறகு நன்றி வணக்கம் எதுவும் வேண்டாம், கேமராவையே பார்த்துக்கொண்டு இருங்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு பத்து நொடியாகத்தான் எடுக்கப் போகிறேன், தப்பினால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். சத்தமாக வாசித்துப் பார்த்தேன், ஐம்பதாவது நொடித் துண்டும் எழுபதாவது நொடித் துண்டும்தான் கொஞ்சம் இழுக்கிறது. வாய்க்கு வராத சொல் எது என்று சொன்னால் மாற்றிவிடுகிறேன், ஆல்ஜினேட் தடுக்கினால் அதை எடுத்துவிடலாம். சனிக்கிழமை விடியக்காலை காற்று எழும்பும் முன் வந்துவிடுகிறேன், பாசி காயப்போட்ட மணலிலேயே உட்கார்ந்து எடுப்போம். விரலில் சுற்றும் துணி பழசாகவே இருக்கட்டும், புதுசு மாற்றிவிடாதீர்கள்.