தீப்பிடித்த முதல் நிமிடம்

மாணவ, மாணவியருக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம். நான் 31 ஆண்டுகள் தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் நிமிடத்தில் நாங்கள் உங்களுடன் இருக்கப் போவதில்லை. ஆகவே அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அப்போது பலரும் செய்யும் தவறு, பதறி ஓடுவதன்று, நின்று பார்ப்பதுதான். யாரோ எதையோ பொசுக்குகிறார்கள் என்று எண்ணிக் கொஞ்ச நேரம் போகும். இப்போது கைப்பேசியில் படம் பிடிப்பதிலும் போகிறது. தீயைக் கண்டவுடன் "தீ! தீ!" என்று உரக்கக் கத்துங்கள், எச்சரிக்கை மணியை அழுத்துங்கள், அறையில் வேறு யாரும் இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். தீயணைப்பு நிலையத்தை வெளியே வந்தபின் அழைக்கலாம்.

கதவைச் சாத்துங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு விடுதித் தீயில், எரிந்த அறையின் மாணவர் கதவைத் திறந்துபோட்டு ஓடியதால் தாழ்வாரம் முழுவதும் கரி படிந்திருந்தது. ஆனால் எதிர் அறையின் கதவு சாத்தியிருந்ததால் அதனுள் சுவரில் தொங்கிய நாட்காட்டிகூடக் கருகவில்லை. மூடிய கதவு தீக்குக் காற்று கிடைப்பதைக் குறைக்கிறது, புகையையும் தடுத்து நிறுத்துகிறது.

தீயைவிடப் புகையே மிகுதியாக உயிர் வாங்குகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வருவதை உணர்வதற்குள் கால்கள் தளர்ந்துவிடும். சூடான புகை மேலே எழுவதால் சுவாசிக்கத்தக்க காற்று தரையை ஒட்டியே இருக்கும், தவழ்ந்து செல்லுங்கள். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள், இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்துவிட்டுச் சன்னலருகே நின்று உதவி கேளுங்கள். லிஃப்டை நாடவே வேண்டாம்.

வாணலி எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். எட்டுமானால் அடுப்பை அணைத்துத் தட்டையான மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். மின்சாதனம் எரிந்தால் முதலில் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். ஆடையில் தீப்பிடித்தால் ஓடாமல், முகத்தைக் கைகளால் மூடித் தரையில் புரளுங்கள்.

தீயணைப்பானைத் தொடுவதற்கு எனக்கு ஒரு நிபந்தனை உண்டு: தீ குப்பைக்கூடை அளவுக்கு மேல் போகாமல், வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஊசியை இழுத்து, முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, பிடியை அழுத்திப் பக்கவாட்டில் வீசுங்கள். சிறிய தீயணைப்பான் சில நொடிகளே பீய்ச்சும்; அதற்குள் அடங்காவிட்டால் அதைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

திடலில் நான்கு தீயணைப்பான்களை வைத்திருக்கிறேன். வாருங்கள், ஒவ்வொருவரும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். போகும்போது இந்த அரங்கிற்கு எத்தனை வாயில்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.