மாங்காய் விலைப் பாக்கிக்கும் திரும்பி வந்த காசோலைக்குமான சட்ட அறிவிப்பு

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் மூலம்

நாள்: 11.11.2024
இடம்: சந்தூர்

அனுப்புநர்:
கோ. முனுசாமி, வயது 54,
த/பெ கோவிந்தன், விவசாயி,
கதவு எண் 2/118, மாரியம்மன் கோயில் தெரு,
சந்தூர் கிராமம், போச்சம்பள்ளி வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
திரு. இரா. வேலாயுதம்,
மாங்காய் மண்டி உரிமையாளர்,
கதவு எண் 46, பெங்களூர் சாலை,
கிருஷ்ணகிரி – 635 001.

பொருள்: உங்களுக்கு விற்ற மாங்காய்க்கு வரவேண்டிய ரூ.3,50,000 பாக்கி, அதில் ரூ.3,00,000-க்கு நீங்கள் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பியது. மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138-இன்படி பணம் கேட்டு அறிவிப்பு.

ஐயா,

வழக்கறிஞர் மூலம் அனுப்பாமல் இந்த அறிவிப்பை நானே எழுதி அனுப்புகிறேன். காசோலையைப் பெற்றவரே எழுத்து மூலம் கேட்டாலும் சட்டப்படி போதும் என்பதால், வக்கீல் நோட்டீஸ் இல்லையே என்று இதை ஒதுக்கி வைத்துவிட வேண்டாம்.

1. சந்தூரில் எனக்குச் சொந்தமான ஆறரை ஏக்கர் தோப்பில் பெங்களூரா ரக மா சாகுபடி செய்கிறேன். நீங்கள் கிருஷ்ணகிரியில் சொந்தமாக மண்டி வைத்து, விவசாயிகளிடம் காய் வாங்கி மாங்கூழ் ஆலைகளுக்கு அனுப்பி வருகிறீர்கள்.

2. 05.06.2024 அன்று நீங்கள் நேரில் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து விலை பேசினீர்கள். டன் ரூ.26,000, டன்னுக்கு 20 கிலோ கழிவு, கமிஷன் பிடித்தம் கிடையாது, கடைசி லோடு ஏறியதிலிருந்து 30 நாளில் முழுப் பணம். இதுதான் பேச்சு. அன்றே ரூ.1,00,000 முன்பணம் கொடுத்து, இந்த விவரத்தை உங்கள் மண்டி சீட்டில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தீர்கள். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

3. அதன்படி, நீங்கள் அனுப்பிய லாரிகளில் 14.06.2024 அன்று 8,420 கிலோவும், 21.06.2024 அன்று 7,960 கிலோவும், 28.06.2024 அன்று 6,620 கிலோவும் ஏற்றி அனுப்பினேன். மொத்தம் 23,000 கிலோ. மூன்று லோடுக்கும் எடை மேடை சீட்டு உண்டு. மூன்றிலும் உங்கள் ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

4. கழிவு 460 கிலோ போக நின்றது 22,540 கிலோ. அதற்கு விலை ரூ.5,86,040. முன்பணம் ரூ.1,00,000 போக, 10.07.2024 அன்று என் வங்கிக் கணக்குக்கு நீங்கள் அனுப்பிய ரூ.1,36,040-ஐயும் கழித்தால் பாக்கி ரூ.3,50,000. நீங்களே சில்லறையோடு கணக்குப் பார்த்து அனுப்பிய தொகை அது. ஆகவே எடையிலோ விலையிலோ அப்போது உங்களுக்கு எந்த மறுப்பும் இருக்கவில்லை.

5. காய் சரியில்லை, அழுகல் அதிகம் என்று இப்போது நீங்கள் வெளியில் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். மூன்று லோடில் ஒரு கூடைகூடத் திருப்பி அனுப்பவில்லை. எழுத்திலோ போனிலோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு, மறுப்பதாக உரிய காலத்துக்குள் தெரிவிக்காதவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார் என்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 42 சொல்கிறது. நீங்களோ அந்தக் காயை ஆலைக்கு அனுப்பியும் விட்டீர்கள்.

6. கெடு 28.07.2024-உடன் முடிந்தது. அதன்பிறகு நான் மண்டிக்கு வந்து கேட்டதன்பேரில், 12.08.2024 அன்று ரூ.3,00,000-க்கு 30.08.2024 தேதியிட்ட காசோலை ஒன்றைக் கொடுத்தீர்கள். அது இந்தியன் வங்கி கிருஷ்ணகிரி கிளையில் உள்ள உங்கள் கணக்குக்கான காசோலை, எண் 004187. மீதி ரூ.50,000-ஐ ஆவணிக்குள் ரொக்கமாகத் தருவதாகச் சொன்னீர்கள். இன்றுவரை தரவில்லை.

7. காசோலையை உடனே போட வேண்டாம், ஆலையிலிருந்து பணம் வரவில்லை, ஆயுத பூஜை கழியட்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். சரி என்று பொறுத்தேன். ஆலை உங்களுக்கு எப்போது பணம் தரும் என்பதற்கும் நம் பேச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காய் பறித்த ஆட்களுக்கு நான் அன்றன்றைக்கே கூலி கொடுத்தேன். மண்டியிலிருந்து பணம் வரட்டும் என்று அவர்களை நிறுத்தி வைக்கவில்லை.

8. 25.10.2024 அன்று, அதாவது காசோலை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள், போச்சம்பள்ளியில் என் கணக்கு உள்ள வங்கிக் கிளையில் அதைச் செலுத்தினேன். உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்துடன் அது 28.10.2024 தேதியிட்ட மெமோவுடன் திரும்பியது. மெமோ என் கைக்கு வந்தது 29.10.2024 அன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. அன்றிலிருந்து 30 நாளுக்குள் இந்த அறிவிப்பை அனுப்புகிறேன்.

9. அன்று மாலை மண்டியில் என்னை நிற்க வைத்துப் பேசிய பேச்சை இங்கே எழுதவில்லை. பணக் கணக்குக்கு அது தேவையில்லை. ஆனால் "அது சும்மா ஜாமீனுக்குக் கொடுத்த செக்" என்று சொன்னீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். காசோலை தந்த அன்று ரூ.3,50,000 ஏற்கெனவே கெடு தாண்டி நிலுவையில் இருந்தது. இருந்த கடனுக்குத்தான் காசோலை வந்தது. அப்படிப் பெற்ற காசோலை கடனைத் தீர்க்கக் கொடுத்ததே என்று பிரிவு 139-இன்படி நீதிமன்றம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

10. ஆகவே, இந்த அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் கீழ்க்கண்ட தொகைகளைச் செலுத்துமாறு கேட்கிறேன்:

(அ) திரும்பிய காசோலைக்கான தொகை ரூ.3,00,000. இதைத் தனியாகவும் குறிப்பாகவும் கேட்கிறேன். கீழே உள்ள மற்றத் தொகைகள் பற்றி உங்களுக்கு ஏதாவது தகராறு இருந்தாலும், இதைக் கொடுப்பதை அதற்காகத் தள்ளிப்போட முடியாது.

(ஆ) விலைப் பாக்கியில் மீதமுள்ள ரூ.50,000.

(இ) ரூ.3,50,000-க்கு 29.07.2024 முதல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதாவது மாதம் ரூ.3,500. 28.10.2024 வரை மூன்று மாதத்துக்கு ரூ.10,500, அதன்பிறகு முழுப் பணமும் வந்து சேரும் நாள்வரை இதே விகிதத்தில்.

தபால் செலவையும் அலைச்சலையும் நான் சேர்க்கவில்லை.

11. ஜூலையில் ரூ.1,36,040 அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்பலாம். ரொக்கமாகவோ வேறு காசோலையாகவோ கொடுத்தால் வாங்கமாட்டேன். தவணை கேட்பதானால் இந்த 15 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். இடையில் ஆள் அனுப்பிப் பேசுவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

12. கெடுவுக்குள் (அ)-வில் உள்ள தொகை வராவிட்டால், கெடு முடிந்த ஒரு மாதத்துக்குள், என் வங்கிக் கிளை அமைந்துள்ள எல்லைக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பிரிவு 138-இன்கீழ் உங்கள்மேல் புகார் தாக்கல் செய்வேன். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிடவும் பிரிவு 143ஏ நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. (ஆ), (இ) தொகைகளுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடுவேன். அந்த வழக்குச் செலவும் உங்களைச் சேரும்.

13. காசோலை, வங்கி மெமோ, மண்டி சீட்டு, மூன்று எடை மேடை சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல்களும் இந்த அறிவிப்பின் ஒரு படியும் என்னிடம் உள்ளன. அசல்களைப் பார்க்க வேண்டுமென்றால் சந்தூருக்கு வரலாம், காட்டுகிறேன், கையில் தரமாட்டேன்.

இப்படிக்கு,

(ஒப்பம்)
கோ. முனுசாமி