'வா' வினைமுற்று அட்டவணை: திருத்தி எழுதிய படி

அல்சூர், பெங்களூரு
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து அட்டவணையை மாற்றி எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இதையே நகல் எடுக்கலாம்.

பக்கத்தில் மூன்று காலமும் மூன்று வரிசையில் இருந்தன. இறந்தகாலத்தில் ஒருமை முழுவதும் முடிந்த பிறகு பன்மை வந்தது. நிகழ்காலத்தில் நான், நாம் என்று இணை இணையாக இருந்தது. எதிர்காலம் 'அவன்' என்று தொடங்கியது. வேறு வேறு நாளில் எழுதிச் சேர்த்தது போலத் தெரிகிறது. தமிழைப் பேச மட்டுமே அறிந்த பிள்ளைக்கு, கண் ஒரே கோட்டில் குறுக்கே ஓட வேண்டும். 'நீ' வரியில் விரலை வைத்தால் மூன்று காலமும் அங்கேயே கிடைக்க வேண்டும். அதனால் இடம், எண் இரண்டையும் இடப்பக்கம் வைத்து, காலங்களை மேலே வைத்தேன்.

| இடம் | எண் | பெயர் | இறந்தகாலம் | நிகழ்காலம் | எதிர்காலம் |
|---|---|---|---|---|---|
| தன்மை | ஒருமை | நான் | வந்தேன் | வருகிறேன் | வருவேன் |
| தன்மை | பன்மை | நாம், நாங்கள் | வந்தோம் | வருகிறோம் | வருவோம் |
| முன்னிலை | ஒருமை | நீ | வந்தாய் | வருகிறாய் | வருவாய் |
| முன்னிலை | பன்மை, மரியாதை | நீங்கள் | வந்தீர்கள் | வருகிறீர்கள்* | வருவீர்கள் |
| படர்க்கை | ஒருமை | அவன் | வந்தான் | வருகிறான் | வருவான் |
| படர்க்கை | ஒருமை | அவள் | வந்தாள் | வருகிறாள்* | வருவாள் |
| படர்க்கை | ஒருமை, மரியாதை | அவர் | வந்தார் | வருகிறார் | வருவார் |
| படர்க்கை | ஒருமை | அது | வந்தது | வருகிறது | வரும் |
| படர்க்கை | பன்மை | அவர்கள் | வந்தார்கள் | வருகிறார்கள் | வருவார்கள் |
| படர்க்கை | பன்மை | அவை | வந்தன | வருகின்றன | வரும் |

உடுக்குறி இட்ட இரண்டும் படத்தில் தெரியவில்லை; நடுவில் விளக்கின் ஒளி பட்டு வெளுத்திருந்தது. மற்ற வரிகளின் போக்கை வைத்து நிரப்பினேன். நோட்டை ஒரு முறை பார்த்து உறுதி செய்த பிறகு குறியை எடுத்துவிடுங்கள்.

'அவை' வரிதான் அதிக நேரம் பிடித்தது. படத்தில் 'வருகிறன' என்று இருந்தது. மற்ற பெரும்பாலான வரிகளில் 'கிறு' வரும்போது இங்கும் அதுவே வரும் என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் இன்றைய உரைநடையில் அஃறிணைப் பன்மை 'கின்று' இடைநிலையைத்தான் எடுக்கிறது: வருகின்றன, செய்கின்றன, இருக்கின்றன. அதனால் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஒழுங்கைப் பார்க்காமல் 'வருகின்றன' என்று திருத்தியிருக்கிறேன். சில வரிகளில் 'வருகின்றேன்', 'வருகின்றான்' என்று இருந்தவற்றை 'கிறு' ஆக்கினேன். அவை பிழை அல்ல. ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து கிடந்தால் பிள்ளைகள் பொருள் வேறுபாடு தேடுவார்கள்.

அதே வரியின் கடைசியில் மங்கலாக 'வருவன' என்று இருந்தது. அது செய்யுளிலும் பழைய உரையிலும் உள்ள வடிவம். இப்போது 'மாடுகள் வரும்' என்றுதான் எழுதுகிறோம். 'அது', 'அவை' இரண்டுக்கும் 'வரும்' இருப்பதைப் பார்த்து யாராவது அச்சுப்பிழை என்று நினைத்தால், 'பஸ் வரும், பஸ்கள் வரும்' என்று சொல்லிக் காட்டுங்கள்; போதும்.

'அவர்' உங்கள் பக்கத்தில் பன்மையில் இருந்தது. இலக்கணப்படி 'வந்தார்' பலர்பால் வடிவமே. ஆனால் பிள்ளைகள் 'தாத்தா வந்தார்' என்று ஒருவரைத்தான் சொல்கிறார்கள். அதனால் ஒருமையில் வைத்து 'மரியாதை' என்று குறித்தேன். இதில் உங்கள் முடிவு வேறாக இருந்தால் வரியைக் கீழே இறக்கிவிடுகிறேன்.

'நீர் வந்தீர்' வரியை எடுத்துவிட்டேன். திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் அதை வீட்டில் கேட்டிருப்பார்கள். அவர்களைச் சொல்லச் சொன்னால் வகுப்புக்கே பிடிக்கும். அட்டவணைக்குள் வேண்டாம்.

'வா' எப்படி 'வந்', 'வரு' ஆகிறது என்று கேள்வி வரும். கரும்பலகையில் இரண்டு வரி எழுதினால் நல்லது: இறந்தகாலத்தில் 'வா' குறுகி 'வ' ஆகும், மற்ற இரண்டிலும் 'வரு' ஆகும். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் 'நானு பந்தெ' என்பதை நினைவுபடுத்துங்கள். நம் 'வ' அங்கே 'ப' ஆகியிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த முகங்களைப் பார்க்க எனக்கு ஆசை, ஆனால் இந்த வாரம் ஊருக்குப் போகிறேன்.

'படி', 'செய்' இரண்டுக்கும் இதே கட்டங்களை வெறுமையாகப் போட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைகளே நிரப்பட்டும். 'படி'க்கு எதிர்காலத்தில் 'ப்ப்' வரும், அஃறிணைக்குப் 'படிக்கும்' என்று மாறும். அங்கே மட்டும் பக்கத்தில் நில்லுங்கள்.

நோட்டின் அடுத்த பக்கத்தைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுங்கள். வலப்பக்க ஓரமும் முழுதாகத் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி